கரிசலில் சுண்ணாம்பு: சாலையின் அடிமண் எப்படி வலுப்பெறுகிறது?

கோவில்பட்டி, விளாத்திகுளம், அருப்புக்கோட்டை வட்டாரங்களில் புதிய சாலை போடும்போது, உழுத நிலம் போலக் கிளறிய கரிசல் மண்ணின் மேல் வெள்ளைத் தூளைப் பரப்புவதைப் பார்த்தவர்கள் இருப்பார்கள். அது நீற்றிய சுண்ணாம்பு. மறுநாள் அதே மண் பொலபொலவென்று உதிர்கிறது. காலில் அப்பிக்கொண்ட சேறு மணல்போல ஆகிவிடுகிறது. "மண் கெட்டியாகிவிட்டது" என்று பலரும் அப்போதே முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்த முடிவு தவறு. முதல் நாளில் நடந்தது ஒரு மாற்றம், வலிமை பிறப்பது இன்னொரு மாற்றம். முதலாவதற்குச் சில மணி நேரம் போதும், இரண்டாவதற்கு வாரங்களும் மாதங்களும் வேண்டும். இரண்டையும் ஒன்றென எண்ணுவதால்தான் சுண்ணாம்பு கலந்த சாலைகள் பலவும் கெடுகின்றன என்பது என் கணிப்பு.

கரிசல் ஏன் சாலைக்கு ஆகாது?

தார்ச்சாலையின் மேலடுக்குகளுக்கும் ஜல்லி அடுக்குகளுக்கும் அடியில், எல்லா எடையையும் கடைசியாகத் தாங்கும் மண்ணடுக்கைப் பொறியாளர்கள் சப்கிரேடு என்பார்கள். இங்கே அதை அடிமண் என்றே சொல்வோம். அது எவ்வளவு தாங்கும் என்பதை அளக்கும் எண் சி.பி.ஆர். 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள இரும்பு உருளையை மண்ணுக்குள் 2.5 மி.மீ. அழுத்த எவ்வளவு விசை தேவைப்படுகிறது என்று பார்ப்பார்கள். தரமான உடைகல்லுக்கு அந்த விசை 1,370 கிலோ. நான்கு நாள் நீரில் ஊறிய கரிசலுக்கு 27 கிலோவே போதும் என்றால் அதன் சி.பி.ஆர். 2 விழுக்காடு. ஊறிய கரிசலில் வழக்கமாகக் கிடைப்பது இதையொட்டிய எண்தான்.

குறை வலிமையில் மட்டும் இல்லை. கரிசலில் மான்ட்மோரிலோனைட் வகைக் களிமம், அதாவது களிமண் கனிமம், மிகுதி. அதன் துகள்கள் மிக மெல்லிய தகடுகளாக அடுக்கப்பட்டவை. ஒவ்வொரு தகட்டின் பரப்பிலும் எதிர்மின்னேற்றம் உண்டு. அதை ஈடுகட்ட சோடியம் போன்ற நேர்மின் அயனிகள் தகடுகளுக்கு இடையில் வந்து தங்குகின்றன, அவை நீரை இழுக்கின்றன. நீர் புகும்போது தகடுகள் விலகுகின்றன, மண் உப்புகிறது. கோடையில் நீர் போனதும் சுருங்கி, கை நுழையும் அளவுக்கு வெடிக்கிறது. மழைக்கு உப்பி வெயிலுக்குச் சுருங்கும் மண்ணின் மேல் எந்தச் சாலையும் தட்டையாக நிற்காது.

மண்ணில் எவ்வளவு ஈர வேறுபாடு வரை அது பிசையக்கூடிய நிலையில் இருக்கிறதோ, அந்த இடைவெளியைக் குழைவு எண் என்பார்கள். மண் கூழாக ஓடத் தொடங்கும் ஈரம் 68 விழுக்காடு, உருட்டினால் உதிரத் தொடங்கும் ஈரம் 26 விழுக்காடு என்றால் குழைவு எண் 42. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்பு முதலில் கைவைப்பது இந்த எண்ணில்தான்.

முதல் மாற்றம்: சில மணி நேரத்தில் நடப்பது

நீற்றிய சுண்ணாம்பு நீரில் கரையும்போது கால்சியம் அயனிகள் வெளிவருகின்றன. கால்சியத்துக்கு இரட்டை மின்னேற்றம். தகடுகளுக்கு இடையில் இருக்கும் சோடியத்தை அது வெளியேற்றிவிட்டு அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. இதனால் இரண்டு விளைவுகள்:

1. தகடுகளைச் சுற்றி இருந்த தடித்த நீர்ப்படலம் மெலிகிறது. தகடுகள் ஒன்றையொன்று நெருங்குகின்றன, உப்பும் தன்மை பெரிதும் தணிகிறது.
2. முன்பு சீட்டுக்கட்டுபோல அடுக்காகக் கிடந்த துகள்கள் இப்போது விளிம்பும் முகமுமாக ஒட்டிக்கொண்டு சிறு திரள்களாகின்றன. களிமண் வண்டல்போல, மணல்போல நடந்துகொள்வது இதனால்தான்.

முன்பு சொன்ன அதே மண்ணில் 4 விழுக்காடு சுண்ணாம்பு கலந்தால், ஓடும் ஈரம் 58 ஆகவும் உதிரும் ஈரம் 42 ஆகவும் மாறலாம். குழைவு எண் 42-இலிருந்து 16-க்கு இறங்கிவிடுகிறது. சேறாகக் கிடந்த இடத்தில் மறுநாள் லாரி ஓடுவது இதன் பயனே. ஆனால் துகள்களை நிலையாகப் பிணைக்கும் பசை எதுவும் இதுவரை உருவாகவில்லை. கால்சியம் இடம் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். சுண்ணாம்பின் அளவு குறைவாக இருந்தால் இந்த நிலையோடு வேதிவினை நின்றுவிடும். பிறகு ஆண்டுக்கணக்கில் ஊடுருவும் மழைநீர் கால்சியத்தைச் சிறுகச் சிறுகக் கழுவிக்கொண்டு போகும், மண் பழைய குணத்துக்குத் திரும்பத் தொடங்கும்.

இரண்டாவது மாற்றம்: மெதுவாகப் பிறக்கும் பசை

போதுமான சுண்ணாம்பு இருந்தால் மண்ணில் உள்ள நீரின் காரத்தன்மை மிக உயர்ந்துவிடும். அதை அளக்கும் பி.எச். எண் 12.4-ஐத் தொடும். சுண்ணாம்பு கரைந்து நிறைவடைந்த நீரின் எண் இது. இந்தக் கடுங்காரத்தில் களிமத் தகடுகளே மெல்லக் கரையத் தொடங்குகின்றன. அவற்றில் இருந்து சிலிக்காவும் அலுமினாவும் விடுபட்டு, காத்திருக்கும் கால்சியத்துடன் சேர்ந்து கால்சியம் சிலிகேட் ஹைட்ரேட், கால்சியம் அலுமினேட் ஹைட்ரேட் என்ற பசைகளாக உறைகின்றன. சிமெண்ட் இறுகும்போது உருவாகும் பிணைப்புப் பொருளும் இந்தக் குடும்பம்தான். வேறுபாடு என்னவென்றால், இங்கே சிலிக்காவைத் தருவது நாம் வெறுத்த அந்தக் களிமண்ணே.

நம் முன்னோருக்கு இது புதிதல்ல. சுண்ணாம்புடன் சுட்ட செங்கல் பொடியான சுர்க்கியைச் சேர்த்து அரைத்த காரையில் நடப்பதும் இதே வினை. 1895-இல் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையில் சுண்ணாம்பும் சுர்க்கியும்தான் பயன்பட்டன. செங்கல் பொடியின் இடத்தில் சாலையடியில் களிமண் இருக்கிறது.

இந்த வினைக்கு மூன்று தேவைகள்: உயர்ந்த காரத்தன்மை நீடிக்க வேண்டும், ஈரம் இருக்க வேண்டும், வெப்பம் இருக்க வேண்டும். குளிர் நாடுகளில் 10 பாகை செல்சியஸுக்குக் கீழே வினை ஏறத்தாழ உறங்கிவிடும். தென் தமிழகத்தில் அந்தக் கவலை இல்லை, இங்கே வெயில் துணை நிற்கிறது. எதிரி காய்ந்துபோதல். எல்லாம் சரியாக இருந்தாலும் வினை மெதுவாகவே நடக்கும். ஆகவேதான் சிமெண்ட் கலவையின் வலிமையை 7 நாளில் சோதிப்பவர்கள் சுண்ணாம்புக் கலவைக்கு 28 நாள் காத்திருக்கிறார்கள்.

எவ்வளவு சுண்ணாம்பு?

இதற்கு ஈட்ஸ், கிரிம் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1966-இல் வெளியிட்ட எளிய சோதனை இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது. 20 கிராம் உலர்ந்த மண்ணைச் சில குப்பிகளில் போட்டு, 2, 3, 4, 5, 6 விழுக்காடு எனச் சுண்ணாம்பு சேர்த்து, 100 மில்லிலிட்டர் நீர் ஊற்றி, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை குலுக்கி, ஒரு மணி நேரம் கழித்து பி.எச். பார்க்க வேண்டும். 2 விழுக்காட்டில் 11.8, 3-இல் 12.2, 4-இல் 12.4, 5-இலும் 12.4 என்று வந்தால், 4 விழுக்காடு போதும் என்று பொருள். மண்ணின் உடனடிப் பசி தீர்ந்து, இரண்டாவது வினைக்கென்று சுண்ணாம்பு மிச்சமாகும் அளவு அது.

இதில் நம் ஊருக்கென்று ஒரு சிக்கல் உண்டு. 12.4 என்பது 25 பாகை செல்சியஸில் கிடைக்கும் எண். வெப்பம் ஒரு பாகை கூடினால் அது ஏறத்தாழ 0.03 குறையும். குளிரூட்டாத ஆய்வகத்தில் 33 பாகை இருக்கும்போது நிறைவடைந்த சுண்ணாம்பு நீரே 12.2 அளவில்தான் காட்டும். அதை அறியாதவர் 12.4 வரும்வரை சுண்ணாம்பைக் கூட்டிக்கொண்டே போவார், அந்த எண் வரவே வராது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தச் சோதனை தொடக்க அளவை மட்டுமே தரும். சில மண்களில் காரத்தன்மை உயரும், ஆனால் கரையக்கூடிய சிலிக்கா போதாததால் வலிமை வராது. அங்ககப் பொருள் மிகுந்த மண்ணிலும் வினை தடைப்படும். எனவே அந்த அளவில் கலவை செய்து, ஈரமாக வைத்திருந்து, பின் ஊறவைத்து, வலிமையை நேரடியாக அழுத்திப் பார்த்தே தீர வேண்டும்.

ஒரு கிலோமீட்டர் சாலை: கணக்கும் வேலையும்

7 மீட்டர் அகலச் சாலையில் 25 சென்டிமீட்டர் தடிமனுக்கு 4 விழுக்காடு சுண்ணாம்பு கலப்பதாக வைத்துக்கொள்வோம். கலவையின் உலர் அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு 1,520 கிலோ. ஒரு சதுர மீட்டருக்குக் கீழே உள்ள மண் 380 கிலோ, அதற்கு வேண்டிய சுண்ணாம்பு ஏறத்தாழ 15 கிலோ. 30 கிலோ மூட்டையானால் 2 சதுர மீட்டருக்கு ஒன்று. கிலோமீட்டருக்கு 105 டன்.

இந்த 15 கிலோ, ஆய்வகத்தில் பயன்படுத்திய சுண்ணாம்பின் தூய்மைக்கு உரியது. அங்கே 90 விழுக்காடு தூய்மையும் களத்துக்கு வந்த சரக்கில் 70 விழுக்காடும் இருந்தால், தேவை 19 கிலோவுக்கு மேல் போய்விடும். திறந்த மூட்டைகள் மழைக்காலம் முழுதும் கொட்டகையில் கிடந்தால் காற்றில் உள்ள கரியமில வாயுவை உறிஞ்சி மீண்டும் சுண்ணாம்புக்கல் பொடியாகவே மாறிவிடும். பார்வைக்கு அதே வெள்ளைத் தூள், வேலைக்கு ஆகாது.

வேலை நடக்கும் வரிசை இது:

1. மண்ணைக் கிளறி, கட்டிகளை உடைத்து, சுண்ணாம்பைச் சீராகப் பரப்புதல். காற்று வீசும் வேளையில் இதைச் செய்யக் கூடாது. சுண்ணாம்புத் தூள் கண்ணைப் பொசுக்கும், சுட்ட சுண்ணாம்பு இன்னும் கொடியது. தொழிலாளருக்குக் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம்.
2. நீர் சேர்த்து முதல் கலப்பு. பிறகு ரோலரால் மேலே லேசாக உருட்டி மூடிவைத்து, ஒன்று முதல் மூன்று நாள் வரை ஊறவிடுதல். முதல் மாற்றம் இந்த இடைவெளியில் நடந்து, உடையாத கட்டிகள் தாமாக உதிரும்.
3. இரண்டாம் கலப்பு. கட்டிகள் அனைத்தும் 26.5 மி.மீ. சல்லடையிலும், குறைந்தது 80 விழுக்காடு 5.6 மி.மீ. சல்லடையிலும் இறங்கும் அளவுக்குப் பொடியாக வேண்டும்.
4. உகந்த ஈரத்தில் ரோலரால் இறுக்குதல்.
5. குறைந்தது ஏழு நாள் ஈரம் காய விடாமல் காத்தல். தண்ணீர் தெளிக்கலாம், அல்லது மேலே தார் எமல்ஷன் பூசி மூடலாம்.

இவற்றில் மிகுதியாகக் கெடுவது மூன்றாவதும் ஐந்தாவதும். எலுமிச்சை அளவுக் கட்டி ஒன்று உள்ளே இருந்தால், சுண்ணாம்பு அதன் தோலை மட்டுமே தொடும். உள்ளே பழைய கரிசல் அப்படியே இருந்து அடுத்த மழைக்கு உப்பும். ஈரம் காய்ந்தாலோ இரண்டாவது வினை நின்றுவிடும், வறண்ட துளைகள் வழியே காற்று புகுந்து மிச்சச் சுண்ணாம்பைச் செயலிழக்கச் செய்யும்.

இறுக்கத்தைச் சரிபார்ப்பதிலும் ஒரு குழப்பம் அடிக்கடி நேர்கிறது. சுண்ணாம்பு கலந்ததும் துகள்கள் திரள்வதால் மண் முன்பைவிட இலேசாகிறது, அதற்கு வேண்டிய ஈரம் கூடுகிறது. கலக்காத கரிசலின் உச்ச அடர்த்தி 1,600 கிலோ, ஈரம் 22 விழுக்காடு என்றால், கலந்தபின் 1,520 கிலோ, 26 விழுக்காடு என்று ஆகலாம். உச்ச அடர்த்தியில் 97 விழுக்காடு வேண்டும் என்பது விதி. பழைய மண்ணின் கணக்கை வைத்தால் 1,552 வேண்டும். புதிய கலவையின் உச்சமே 1,520! எத்தனை முறை ரோலர் ஓடினாலும் எட்டாது. சரியான இலக்கு 1,474. வேலை சரியாக நடந்திருந்தும் "இறுக்கம் போதவில்லை" என்று அறிக்கை வருவதற்குப் பல நேரங்களில் இதுவே காரணம்.

கலந்திருக்கிறதா என்று எப்படி அறிவது?

ஆரத்தித் தட்டில் மஞ்சள் நீரோடு சுண்ணாம்பு சேர்ந்ததும் சிவப்பாவதை எல்லாரும் பார்த்திருக்கிறோம். சாலையில் குழி தோண்டி அதன் பக்கச் சுவரில் ஃபீனால்ப்தலீன் கரைசலைத் தெளிப்பதும் அதே தத்துவம்தான். சுண்ணாம்பு உயிரோடு இருக்கும் இடம் இளஞ்சிவப்பாகும். திட்டுத்திட்டாக நிறம் மாறினால் கலப்பு சீராக இல்லை. நிறம் 25 செ.மீ. ஆழத்துக்குப் போகாமல் 15-இல் நின்றால் இயந்திரப் பற்கள் கீழே எட்டவில்லை. மேல் தோல் மட்டும் நிறமற்று இருந்தால் காற்று அங்கே சுண்ணாம்பைத் தின்றுவிட்டது.

ஆனால் இந்தக் கரைசல் பி.எச். 10 அளவிலேயே முழு நிறம் காட்டிவிடும். வலிமைக்கு வேண்டிய 12.4 இருக்கிறதா என்பதை அது சொல்லாது. சுண்ணாம்பு போய்ச் சேர்ந்ததற்கு மட்டுமே அது சாட்சி.

சிமெண்ட் ஏன் கூடாது?

கூடாது என்றில்லை. மணல், கிராவல், வண்டல் கலந்த மண்ணில் சிமெண்டே சிறந்தது. அதனுள்ளேயே கால்சியமும் சிலிக்காவும் இருப்பதால் மண்ணின் ஒத்துழைப்பு தேவையில்லை, நீர் பட்டதும் தானே பசையை உருவாக்கும். களிமம் இல்லாத மணலில் சுண்ணாம்பு கலந்தால், சிலிக்கா தருவதற்கு ஆளில்லாமல் எதுவும் நடக்காது.

கரிசலில் நிலைமை தலைகீழ். சிமெண்ட் நீர்பட்ட பின் இரண்டு மணி நேரத்துக்குள் கலந்து இறுக்கி முடிக்க வேண்டும். ஒட்டும் களிமண்ணை அந்த நேரத்துக்குள் பொடியாக்கவே முடியாது. கட்டிகளைச் சுற்றிச் சிமெண்ட் ஓடு கட்டி நிற்கும். அளவைக் கூட்டினால் அடுக்கு விறைத்து, சுருங்கி வெடித்து, அந்த வெடிப்பு தார் வரை மேலேறும். வலிமை மிகுதியாக வேண்டிய இடங்களில் முதலில் சிறிதளவு சுண்ணாம்பு கலந்து குழைவைக் குறைத்து, ஓரிரு நாள் கழித்துச் சிமெண்ட் சேர்ப்பார்கள். செலவு கூடினாலும் கடினக் களிமண்ணுக்கு அது நேர்மையான வழி.

மண்ணில் ஜிப்சம் இருந்தால்

பெரம்பலூர் மாவட்டத்துக் காரை பகுதியின் களிமண் படுகைகளில் ஜிப்சம் பளபளக்கும் நரம்புகளாக ஓடுவதைக் காணலாம். ஜிப்சம் என்பது கால்சியம் சல்பேட். இத்தகைய மண்ணில் சுண்ணாம்போ சிமெண்டோ கலப்பது ஆபத்து. வலிமை தரும் அதே கடுங்காரம் களிமத்தில் இருந்து அலுமினாவை விடுவிக்கிறது. சல்பேட் அருகில் இருந்தால் அலுமினா அதனுடனும் கால்சியத்துடனும் சேர்ந்து எட்ரிங்கைட் என்ற ஊசி வடிவப் படிகமாக வளர்கிறது. அந்தப் படிகம் ஒவ்வொரு மூலக்கூறிலும் 32 நீர் மூலக்கூறுகளைச் சேர்த்துப் பருக்கிறது. இறுகிவிட்ட அடுக்குக்குள் அது வளரும்போது சாலையே மேலெழும்பும்.

அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் ஸ்டுவர்ட் அவென்யூ என்ற சாலைக்கு இதுதான் நடந்தது. சுண்ணாம்பு கலந்த அடுக்கு முதலில் நன்றாகவே இருந்தது, பின்னர் உப்பிக் கிளம்பியது. ஹண்டர் என்ற ஆய்வாளர் 1988-இல் அதன் வேதியியலை விளக்கி எழுதினார். சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்தியச் சாலைகள் காங்கிரஸின் வழிகாட்டுதலும் 0.2 விழுக்காட்டுக்கு மேல் சல்பேட் உள்ள மண்ணைத் தவிர்க்கச் சொல்கிறது. ஜிப்சம் திட்டுத்திட்டாகக் கிடப்பதால், கிலோமீட்டருக்கு ஒரு மாதிரி எடுத்துச் சோதிப்பது இதற்குப் போதாது. மண்ணின் நிறமோ படிக மினுமினுப்போ மாறும் ஒவ்வொரு இடத்திலும் எடுக்க வேண்டும்.

சுண்ணாம்பு எட்டாத ஆழம்

எல்லாம் சரியாகச் செய்தாலும் ஓர் எல்லை உண்டு. நாம் கலப்பது 25 செ.மீ. ஆனால் கரிசல் ஆண்டுதோறும் ஈரமாகிக் காயும் ஆழம் ஒரு மீட்டருக்கும் மேல் போகும். சாலையின் நடுப்பகுதியில் தார் மூடியிருப்பதால் கீழே ஈரம் ஓரளவு மாறாமல் இருக்கும். ஓரங்களில்தான் மண் காய்ந்து சுருங்குகிறது. கோடை முடிவில் சாலையின் விளிம்பிலிருந்து அரை மீட்டர், ஒரு மீட்டர் உள்ளே, நீளவாக்கில் ஓடும் வெடிப்பைப் பார்த்தால், கலவையைக் குறை சொல்லுமுன் இந்த ஆழத்து மண்ணை நினைக்க வேண்டும். அதைத் தணிக்கச் சுண்ணாம்புக் கலப்பைத் தார் விளிம்போடு நிறுத்தாமல் தோள்பகுதி முழுதும் நீட்டுவார்கள். பக்க வாய்க்காலில் நீர் தேங்காமல் பார்ப்பார்கள். சாலையோரம் நெருங்கி வளர்ந்த சீமைக் கருவேலத்தையும் அகற்றுவார்கள், ஏனெனில் அதன் வேர்கள் தார் விளிம்புக்கு அடியில் இருந்தே ஈரத்தை உறிஞ்சுகின்றன.